மருந்து தோற்றதா, எண்ணிக்கை தோற்றதா? மெக்மாஸ்டர் சிலைடும் முட்டைக் குறைவுப் பரிசோதனையும், அறிகுறி வாரியாக

ஆட்டுக்குக் குடற்புழு மருந்து கொடுக்கும் முன்பும் பின்பும் புழுக்கையில் முட்டைகளை எண்ணி, எத்தனை சதவீதம் குறைந்தது என்று பார்ப்பதுதான் முட்டைக் குறைவுப் பரிசோதனை. கணக்கு எளிது. ஆனால் 95க்குக் கீழே ஒரு எண் வந்ததும் "புழு மருந்தை எதிர்க்கிறது" என்று எழுதிவிடும் அவசரம் பலருக்கு உண்டு. சிலைடு, மாதிரிப் பை, மருந்து ஊட்டும் துப்பாக்கி, நாள் இடைவெளி ஆகிய எதுவும் அந்த எண்ணைக் கெடுக்கும். அதனால் நுண்ணோக்கியில் தொடங்கி மந்தை வரை ஒவ்வொரு அறிகுறியாகப் பார்ப்போம். புழுவின் மேல் பழி போடுவதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம்.

முதலில் அளவுகள். புழு முட்டைகளை எண்ண உதவும் வழக்கமான மெக்மாஸ்டர் சிலைடில் இரண்டு அறைகள் இருக்கும். ஒவ்வொன்றின் மேல் கண்ணாடியிலும் 1 செ.மீ. நீளம், 1 செ.மீ. அகலம் கொண்ட ஒரு கட்டம் கீறப்பட்டிருக்கும். அறையின் ஆழம் 1.5 மி.மீ. என்பதால் கட்டத்துக்கு அடியில் நிற்கும் கரைசல் 0.15 மி.லி., இரண்டுக்கும் சேர்த்து 0.3 மி.லி. புழுக்கை 2 கிராம், மிதவைக் கரைசல் 28 மி.லி. என்று கலந்தால் மொத்தம் 30 மி.லி. ஆகும். அதில் நூறில் ஒரு பங்கைத்தான் நாம் பார்க்கிறோம், அதாவது 0.02 கிராம் புழுக்கையை. எனவே இரண்டு கட்டங்களிலும் எண்ணியதை 50ஆல் பெருக்கினால் ஒரு கிராமுக்கான முட்டை எண்ணிக்கை கிடைக்கும்.

அறிகுறி: ஒரு அறையில் 3 முட்டை, பக்கத்து அறையில் 14

இரண்டு அறைகளும் ஒரே எண்ணைத் தர வேண்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம். முட்டைகள் தற்செயலாகத்தான் விழுகின்றன. எவ்வளவு வித்தியாசம் இயல்பானது என்பதற்கு ஒரு சுலபமான சோதனை உண்டு. இரண்டு அறைகளின் கூட்டுத்தொகைக்கு வர்க்கமூலம் எடுத்து இரண்டால் பெருக்குங்கள். அறைகளுக்கு இடையிலான வித்தியாசம் அதற்குள் இருந்தால் விட்டுவிடலாம். 6, 11 என்று வந்தால் கூட்டுத்தொகை 17, வர்க்கமூலம் 4 சொச்சம், இருமடங்கு 8. வித்தியாசம் 5தான், பரவாயில்லை. 3, 14 என்றால் கூட்டுத்தொகை அதே 17, ஆனால் வித்தியாசம் 11. அந்தச் சிலைடைக் கழுவிவிட்டு மறுபடி நிரப்புங்கள்.

பெரும்பாலும் காரணம் கலக்குவதில் இருக்கும். மிதவைக் கரைசலின் வேலையே முட்டையை மேலே தூக்குவதுதான். கலக்கிவிட்டுப் பைப்பெட்டைத் தேடும் நேரத்திலேயே அது வேலையை ஆரம்பித்துவிடும். முதல் அறையை நிரப்பிவிட்டு நிதானமாக இரண்டாவதற்கு உறிஞ்சினால் அடியிலிருந்து வருவது முட்டை குறைந்த கரைசல். பீக்கரைச் சுழற்றிக்கொண்டே நடு ஆழத்திலிருந்து உறிஞ்சி உடனே அறையை நிரப்புங்கள். இரண்டாவது அறைக்கு மறுபடி சுழற்றி, புதிதாக உறிஞ்ச வேண்டும்.

அறிகுறி: முட்டையே தெரியவில்லை, ஆனால் ஆடுகள் மெலிந்திருக்கின்றன

முதலில் குவியத்தைப் பாருங்கள். முட்டைகள் மேல் கண்ணாடியின் அடிப்பக்கத்தை ஒட்டி மிதக்கும். கட்டத்தின் கோடுகள் தெளிவாகத் தெரியும் தளத்தில்தான் அவையும் தெரியும். கருப்பு விளிம்போடு சின்னக் காற்றுக் குமிழிகள் தெரிந்தால் நீங்கள் சரியான தளத்தில் இருக்கிறீர்கள். குப்பையும் நாரும் மட்டும் தெரிந்தால் அறையின் அடித்தளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். நிரப்பியவுடன் எண்ணவும் கூடாது, முட்டை மேலே வர ஐந்து நிமிடம் கொடுங்கள். அதற்காக ஒரு மணி நேரம் விட்டுவிட்டால் உப்பு படிகமாகும், முட்டை சுருங்கி உருமாறும், அப்புறம் எது முட்டை எது குப்பை என்று சொல்ல முடியாது.

அடுத்தது கரைசலின் அடர்த்தி. செறிவான உப்புக் கரைசல் என்றால் 1.18 முதல் 1.20 வரை இருக்க வேண்டும். அடர்த்திமானி இல்லையென்றால் சரியாக 100 மி.லி. அளந்து தராசில் வையுங்கள். 118 முதல் 120 கிராம் இருந்தால் சரி. 110 என்று காட்டினால் உப்பு போதவில்லை. வெந்நீரில் உப்பைக் கரைத்து, ஆறிய பிறகும் பாட்டிலின் அடியில் கரையாத உப்பு கொஞ்சம் கிடந்தால் செறிவு போதுமானது. அதே கரைசலை வாரக்கணக்கில் திறந்து மூடிப் பயன்படுத்துபவர்கள் ஒவ்வொரு முறையும் எடை பார்ப்பது நல்லது.

கரைசலும் குவியமும் சரியாக இருந்து இன்னும் முட்டை இல்லை என்றால், அந்தப் பூஜ்யம் உண்மையாகவும் இருக்கலாம். ஹீமாங்கஸ் புழு முட்டையிடும் முன்பே, இளம் பருவத்திலேயே இரத்தம் குடிக்கத் தொடங்கிவிடும். கண் இமை வெளுத்த ஆட்டில் முட்டை இல்லாமல் போவது அதனால் சாத்தியம். தாடை வீக்கத்துக்குக் கல்லீரல் தட்டைப்புழுவும் காரணமாகலாம். அதன் முட்டை கனமானது, உப்புக் கரைசலில் மிதக்காது. அதற்கு வண்டல் முறைதான் வேண்டும். தட்டைப்புழுவைத் தேடிக்கொண்டு மெக்மாஸ்டர் சிலைடைப் பார்ப்பதில் பயனில்லை.

எதை எண்ணுவது என்பதிலும் ஒரு வார்த்தை. பரிசோதனைக்கு எண்ண வேண்டியவை ஸ்ட்ராங்கைல் வகை முட்டைகள்: நீள்வட்டம், மெல்லிய ஓடு, உள்ளே திராட்சைக் குலை போல் செல்கள். காக்சிடியா என்ற ஒருசெல் ஒட்டுண்ணியின் உறைமுட்டைகள் இவற்றைவிட மிகச் சிறியவை, நாடாப்புழு முட்டைகள் கோணலாக இருக்கும். இரண்டையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள், கூட்டலில் சேர்க்காதீர்கள். மருந்துக்குப் பிறகு காக்சிடியா அப்படியே இருக்கும், ஏனென்றால் புழு மருந்து அதைத் தொடாது. அதையும் சேர்த்து எண்ணியவருக்கு எந்த மருந்தும் வேலை செய்யாதது போலத்தான் தெரியும்.

அறிகுறி: காலையில் எண்ணியது நிறைய, அதே மாதிரியை மறுநாள் எண்ணினால் பாதி

முட்டை பொரிந்துவிட்டது. வெப்பமான நாளில், காற்றோட்டம் இருந்தால், ஸ்ட்ராங்கைல் முட்டை ஒரே நாளில் லார்வாவாகிவிடும். சிலைடில் உள்ளே சுருண்ட லார்வாவோடு முட்டைகளோ காலி ஓடுகளோ தெரிவது இதற்கு அடையாளம். புழுக்கையை மலக்குடலிலிருந்து நேரடியாக எடுத்து, சின்னப் பையில் போட்டு, காற்றைப் பிதுக்கி வெளியேற்றி முடிச்சுப் போடுங்கள். எண்ணும் வரை 4 டிகிரியில் குளிர்சாதனப் பெட்டியில் இருக்கட்டும். உறையவைக்கக் கூடாது.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. இந்தப் பிழை மருந்துக்குச் சாதகமாகப் பொய் சொல்லும். முதல் மாதிரியை எல்லோரும் அக்கறையாக அன்றே எண்ணிவிடுவார்கள். இரண்டாவது மாதிரி வெயிலில் வண்டியில் கிடந்து இரண்டு நாள் கழித்து வந்து சேரும். முட்டைகள் பொரிந்து காணாமல் போயிருக்க, "98 சதவீதம் குறைவு" என்று ஒரு அழகான முடிவு வரும். மருந்து தோற்றதாகப் பொய் சொன்னால் யாராவது சந்தேகப்பட்டு மறுபடி பார்ப்பார்கள். வென்றதாகச் சொன்னால் யாரும் கேள்வி கேட்பதில்லை.

அறிகுறி: முன், பின் எண்ணிக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டவே இல்லை

பெருக்கல் எண்ணைச் சரிபாருங்கள். முதல் தடவை 28 மி.லி. கரைசல், இரண்டாம் தடவை வேறொருவர் 58 மி.லி. ஊற்றினார் என்றால் பெருக்கல் எண் 50 அல்ல, 100. ஒரே அறையை மட்டும் எண்ணினாலும் இருமடங்காகும். எந்த அளவுக்கும் பொருந்தும் வாய்பாடு இது:

```
கிராமுக்கு முட்டை = எண்ணியது × மொத்தக் கலவை (மி.லி.)
                    ÷ (புழுக்கை (கிராம்) × எண்ணிய கரைசல் (மி.லி.))
```

மொத்தக் கலவை என்பதில் புழுக்கையின் அளவும் அடங்கும். 28 மி.லி.யோடு நிறுத்திவிடாதீர்கள். பதிவேட்டில் எப்போதும் பெருக்காத எண்ணையும் எழுதுங்கள். ஏன் என்பது இதோ அடுத்ததில்.

அறிகுறி: ஒரு முட்டையால் முடிவு தலைகீழாகிறது

பத்து ஆடுகளில் மருந்துக்கு முன் மொத்தமே 9 முட்டைகள் கண்ணில் பட்டன என்று வைத்துக்கொள்வோம். 50ஆல் பெருக்கினால் 450, சராசரி 45. மருந்துக்குப் பின் ஒரு முட்டை தெரிந்தால் 89 சதவீதக் குறைவு, அதாவது தோல்வி. அந்த ஒன்று கட்டத்துக்கு வெளியே மிதந்திருந்தால் 100 சதவீதம், முழு வெற்றி. இந்த இரண்டு முடிவுகளுக்கும் இடையில் இருப்பது ஒரே ஒரு முட்டை. பெருக்கிய எண்ணைப் பார்த்தால் இந்தப் பலவீனம் தெரியாது.

இன்னொரு விதமாகவும் பாருங்கள். ஒரு ஆட்டில் உண்மையாகவே கிராமுக்கு 25 முட்டை இருக்கிறது. 0.02 கிராமில் எதிர்பார்க்கக்கூடியது அரை முட்டை. அந்த ஆட்டின் சிலைடு நூறில் அறுபது தடவை பூஜ்யம் என்றே காட்டும். மருந்துக்குப் பிறகு எஞ்சும் முட்டைகள் பெரும்பாலும் இந்த அளவில்தான் இருக்கும்.

இதனால்தான் 2023இல் வந்த உலகக் கால்நடை ஒட்டுண்ணியியல் சங்கத்தின் திருத்திய வழிகாட்டுதல், சராசரி இவ்வளவு இருக்க வேண்டும் என்று கேட்பதை விட்டுவிட்டு, மருந்துக்கு முன் நுண்ணோக்கியில் நேரடியாக எண்ணிய முட்டைகளின் மொத்தத்துக்குக் குறைந்தபட்ச அளவு வைக்கிறது. எண்ணிக்கை குறைவாக இருந்தால் ஒவ்வொரு மாதிரிக்கும் இரண்டு மூன்று சிலைடுகள் எண்ணுங்கள். அல்லது பெருக்கல் எண் 5 ஆக இருக்கும் மினி-ஃப்ளோட்டாக் கருவிக்கு மாறுங்கள். அல்லது முட்டை அதிகமாகும் வரை பரிசோதனையைத் தள்ளிவையுங்கள். எப்படியும் பத்தாத முட்டையோடு ஆரம்பிப்பதைவிட ஆரம்பிக்காமல் இருப்பது மேல்.

அறிகுறி: குறைவு 95 சதவீதத்துக்குக் கீழே நிற்கிறது

இதற்குத்தான் அதிக இடம் வேண்டும். ஒரு மந்தையை எடுத்துக்கொள்வோம்: பத்து செம்மறிகள், அல்பெண்டசோல், 14 நாள் இடைவெளி, அதே ஆடுகளில் முன்னும் பின்னும் எண்ணியது. இரண்டு கட்டங்களிலும் பெருக்காமல் கண்டவை இவை:

முன்: 22, 9, 41, 14, 6, 30, 17, 11, 26, 8. மொத்தம் 184.
பின்: 2, 0, 9, 1, 0, 14, 3, 0, 5, 0. மொத்தம் 34.

34ஐ 184ஆல் வகுத்தால் 0.185. குறைவு 81.5 சதவீதம். மொத்தத்தை மொத்தத்தால்தான் வகுக்க வேண்டும். ஒவ்வொரு ஆட்டுக்கும் தனித்தனியாகச் சதவீதம் கண்டு அவற்றின் சராசரியை எடுக்கும் பழக்கம் தவறு. 2 முட்டை 3 ஆகும் ஒரே ஆடு, கணக்கில் கழித்தல் 50 என்று நுழைந்து எல்லாவற்றையும் குலைத்துவிடும்.

பத்து ஆடுகளில் வந்த 81.5ஐ அப்படியே நம்ப முடியாது. உண்மையான குறைவு எதிலிருந்து எது வரை இருக்கலாம் என்ற நம்பக இடைவெளி வேண்டும். ஆர் என்ற புள்ளியியல் மொழியில் ஐந்து வரி போதும்:

```r
pre  <- c(22,9,41,14,6,30,17,11,26,8)
post <- c(2,0,9,1,0,14,3,0,5,0)
red  <- function(i) 100*(1 - sum(post[i])/sum(pre[i]))
b    <- replicate(5000, red(sample(10, replace=TRUE)))
quantile(b, c(.05,.95))
```

ஒவ்வொரு தடவையும் பத்து ஆடுகளைத் திரும்பத் திரும்பக் குலுக்கி எடுத்துக் கணக்கிடுகிறது இது. எழுபதுகளின் முற்பகுதியிலிருந்து தொண்ணூறுக்குப் பக்கம் வரை ஒரு இடைவெளி வரும். அதன் மேல் முனைகூட 95ஐத் தொடவில்லை, எனவே குறைவு போதவில்லை என்பது தற்செயல் அல்ல. ஒரு எச்சரிக்கை: மருந்துக்குப் பின் எல்லா ஆடுகளும் பூஜ்யம் காட்டினால் இந்த முறை "100 முதல் 100 வரை" என்று சொல்லும். அது உறுதி அல்ல, முறையின் குருட்டுப் புள்ளி. அப்போது fecrt.com போன்ற, இதற்கென்றே உள்ள கணக்கீட்டைப் பயன்படுத்துங்கள்.

சரி, மருந்து போதவில்லை. ஏன்? எண்களைத் திரும்பப் பாருங்கள். பின் எண்ணிக்கையின் 34இல் 23 இரண்டே ஆடுகளிடமிருந்து வருகிறது, மூன்றாவதும் ஆறாவதும். ஆறாவது ஆட்டில் முட்டை பாதிதான் குறைந்திருக்கிறது, மற்றவற்றில் பெரும்பாலும் நன்றாகவே குறைந்திருக்கிறது. எதிர்ப்பு முழு மந்தையிலும் பரவியிருந்தால் மீதி முட்டைகள் இப்படி இரண்டு ஆடுகளில் குவிவது அரிது. இப்படிக் குவிந்தால் முதலில் மருந்தளவைச் சந்தேகியுங்கள்.

இந்த மந்தையில் எடை போடாமல், எல்லாவற்றுக்கும் கண்மதிப்பாக 32 கிலோ என்று வைத்துக்கொண்டு, கிலோவுக்கு 5 மி.கி. வீதம் 160 மி.கி. கொடுத்திருந்தார்கள். ஆறாவது ஆட்டைத் தராசில் நிறுத்தினால் 46 கிலோ. அதற்குத் தேவை 230 மி.கி., கிடைத்தது கிலோவுக்கு 3.5 மி.கி.தான். மூன்றாவது 44 கிலோ. சராசரி எடைக்கு மருந்து கொடுத்தால் மந்தையின் பெரிய பாதிக்கு எப்போதும் குறைவாகவே போகும். பரிசோதனை ஆடுகளை ஒவ்வொன்றாக எடை போடுங்கள். முடியாவிட்டால் கூட்டத்தில் கனமான ஆட்டின் எடைக்கு எல்லாவற்றுக்கும் கொடுங்கள்.

மருந்து ஊட்டும் துப்பாக்கியையும் விடாதீர்கள். 10 மி.லி. என்று அமைத்து, பத்து தடவை அளவுச் சாடியில் பீச்சிப் பாருங்கள். 100 மி.லி. வர வேண்டும். 90 வந்தால் தேய்ந்த வாஷர்தான் உங்கள் "எதிர்ப்பு". துப்பாக்கியின் முனை நாக்கின் பின்பகுதிக்கு மேலே போக வேண்டும். வாயின் முன்பக்கத்தில் பீச்சினால் பாதி வழிந்துவிடும், சில சமயம் மருந்து முதல் இரைப்பைக்குப் போகாமல் குறுக்கு வழியில் நான்காவதற்குப் போய், வேகமாகக் கழிந்துவிடும்.

வெள்ளாடு என்றால் இன்னொரு கேள்வி முதலில் வரும்: செம்மறிக்கான அளவைக் கொடுத்தீர்களா? வெள்ளாட்டின் உடல் இந்த மருந்துகளைச் செம்மறியைவிட வேகமாக வெளியேற்றிவிடும். பொதுவாக லெவாமிசோல் ஒன்றரை மடங்கும், மற்றவை இரண்டு மடங்கும் தேவைப்படும். லெவாமிசோலுக்குப் பாதுகாப்பு இடைவெளி குறுகலானது, அதனால் அதை மட்டும் துல்லியமாக எடை போட்டுத்தான் கொடுக்க வேண்டும். வெள்ளாட்டுக்கான அளவைக் கால்நடை மருத்துவரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். செம்மறி அளவில் நடத்திய வெள்ளாட்டுப் பரிசோதனை எதையும் நிரூபிக்காது.

அறிகுறி: அளவு சரி, ஆனால் நாளை மாற்றினால் முடிவு மாறுகிறது

லெவாமிசோல் இளம் பருவப் புழுக்களை முழுதாகக் கொல்வதில்லை. அவை வளர்ந்து முட்டையிடும் முன், ஏழு நாளில் இரண்டாவது மாதிரியை எடுத்துவிட வேண்டும். 14 நாள் விட்டால் தப்பிய குஞ்சுப் புழுக்களின் முட்டையை எதிர்ப்பு என்று எழுதுவீர்கள். ஐவர்மெக்டினில் சிக்கல் எதிர்ப்பக்கம். உயிரோடு இருக்கும் புழுவின் முட்டையிடுதலைக்கூட அது சில நாள் நிறுத்திவைக்கும். ஏழாம் நாளில் எண்ணினால் பிரமாதமான குறைவு தெரியும், 14 முதல் 17 நாளுக்குள் எண்ணினால்தான் உண்மை வரும். மாக்சிடெக்டினுக்கு இன்னும் சில நாள் கூட்டி 17 முதல் 21 வரை. அல்பெண்டசோல் போன்றவற்றுக்கு 10 முதல் 14. மூன்று வாரத்தைத் தாண்டினால் மேய்ச்சலில் புதிதாகத் தொற்றிய ஹீமாங்கஸே முட்டையிட ஆரம்பித்துவிடும்.

அறிகுறி: எல்லாவற்றையும் திருத்தியும் குறைவு 90 அருகே நிற்கிறது

நம் மந்தைக்குத் திரும்புவோம். முட்டை எண்ணிக்கை மறுபடி ஏறிய பிறகு, எடை போட்டு, துப்பாக்கியைச் சரிபார்த்து, அதே மருந்தை மீண்டும் கொடுத்தார்கள். இந்தத் தடவை முன் 196, பின் 19. குறைவு 90.3 சதவீதம். மீதி முட்டைகள் இப்போது இரண்டு ஆடுகளில் குவியாமல் ஏழு ஆடுகளில் சிதறிக் கிடந்தன. முதல் தடவையின் தோல்வியில் ஒரு பகுதி அளவுப் பிழை, இன்னொரு பகுதி உண்மையான எதிர்ப்பு.

ஆனால் யாருடைய எதிர்ப்பு? ஸ்ட்ராங்கைல் முட்டைகளைச் சிலைடில் இனம் பிரிக்க முடியாது. அதற்கு லார்வா வளர்ப்பு வேண்டும். மீதிப் புழுக்கையை ஈரப்பதத்தோடு 25 டிகிரிக்குச் சற்று மேல் ஏழு முதல் பத்து நாள் வைத்திருந்து, மூன்றாம் பருவ லார்வாக்களைப் பிரித்து நூறை அடையாளம் காண்பது. மருந்துக்கு முன் நூறில் 70 ஹீமாங்கஸ், மீதி பெரும்பாலும் டிரைக்கோஸ்ட்ராங்கைலஸ். மருந்துக்குப் பின் எல்லாமே ஹீமாங்கஸ். இதை முட்டைக் கணக்கில் பொருத்துங்கள்: 196இல் 70 சதவீதம் 137. அது 19 ஆனது, குறைவு 86 சதவீதம். மற்ற இனத்தின் 59 முட்டைகள் பூஜ்யமாயின. அல்பெண்டசோல் இந்த மந்தையில் டிரைக்கோஸ்ட்ராங்கைலஸுக்கு இன்னும் வேலை செய்கிறது, ஹீமாங்கஸுக்கு இல்லை. 90 என்ற மொத்த எண் இந்த இரண்டையும் கலந்து மழுப்பிவிட்டது.

மழுப்பல் மறுபக்கமும் நடக்கும், அது இன்னும் ஆபத்து. ஒரு பெண் ஹீமாங்கஸ் நாளுக்கு ஆயிரக்கணக்கில் முட்டையிடும், டிரைக்கோஸ்ட்ராங்கைலஸ் சில நூறுதான். ஹீமாங்கஸ் செத்து, எதிர்ப்புள்ள டிரைக்கோஸ்ட்ராங்கைலஸ் முழுதாகத் தப்பியிருந்தாலும் மொத்தக் குறைவு 96 என்று வரக்கூடும். அதனால் 95ஐத் தாண்டிய முடிவிலும் மீதி முட்டை ஏதாவது இருந்தால் அந்தப் புழுக்கையைத் தூக்கி எறியாமல் வளர்ப்பில் வையுங்கள். வளர்ப்புக்குப் போகும் பையை மட்டும் பல நாள் குளிர்சாதனப் பெட்டியில் விடக் கூடாது. குளிரில் ஹீமாங்கஸ் முட்டைகள் செத்துப்போய், லார்வாக் கணக்கில் அந்த இனமே குறைவாகத் தெரியும்.